நான்கு வருடம் நின்றுபோய் மீண்டும் நடந்த எங்கள் ஊர்க் கொடை: கொடை ஒற்றுமையை உண்டாக்குகிறதா, இருக்கிற ஒற்றுமையைக் காட்டுகிறதா?

களக்காட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் களக்காட்டுக்குக் கிழக்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். மேலத்தெரு, கீழத்தெரு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு முப்பிடாதி அம்மன் கோயில். ஆடி கடைசிச் செவ்வாயில் கொடை நடக்கும். நான்கு வருடமாக அது நின்றுபோயிருந்தது. கடைசியாக நடந்த கொடையில் மீந்த பணம் கீழத்தெருவில் ஒருவர் கையில் இருந்தது. அது திரும்பி வரவில்லை என்று மேலத்தெருவும், கேட்ட விதம் சரியில்லை என்று கீழத்தெருவும் முறைத்துக்கொண்டதில் நின்றது. எங்கள் சித்தப்பாவும் அந்தப் பணத்தை வைத்திருந்தவரும் பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள். நான்கு வருடம் இருவரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

இந்த வருடம் எப்படியோ பேசி முடித்துக் கொடை நடத்தினார்கள். நானும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தேன். சாமக்கொடை நேரம். வில்லுப்பாட்டில் வரத்துப் பாட்டு தொடங்கியது, மேளம் ஏறியது, கோமரத்தாடிக்கு அருள் வந்து ஆடத் தொடங்கினார். வயதானவர். ஆட்டத்தின் நடுவே சாயப் போனார். ஒரு கையைச் சித்தப்பா பிடித்தார். மறு கையைப் பிடித்தவர் அவர்தான். ஆட்டம் அடங்கும் வரை இருவரும் விடவில்லை. அப்புறம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தார்கள். என் அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டார்.

அடுத்த செவ்வாய் எட்டாம் பூசை. கணக்கு வாசித்தார்கள். மீதிப் பணம் யாரிடம் இருப்பது என்ற இடத்தில் அதே இருவரும் அதே குரலில் சண்டை.

ஆக, அந்த இரவில் நான் பார்த்தது என்ன? கொடை ஊரைச் சேர்த்ததா, ஒரு ராத்திரிக்கு மறக்க வைத்ததா?

நெல்லை மாணவன்

அண்ணாச்சி, நான் சமூகவியல் முதுகலை படிக்கிறேன். நீங்கள் பார்த்ததைத்தான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் தர்க்கைம் 1912-இல் வந்த தன் நூலில் விளக்கினார். அவர் சொல்வது இது: ஆஸ்திரேலியப் பழங்குடிகள் ஆண்டின் பெரும்பகுதி சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து உணவு தேடுவார்கள். பிறகு ஓரிடத்தில் கூடுவார்கள். கூடின உடனே பாட்டு, ஆட்டம், கூச்சல். ஒருவரின் உணர்ச்சி இன்னொருவரிடம் பட்டுப் பெருகும். தனியாக இருக்கும்போது இல்லாத ஒரு சக்தி தனக்குள் புகுந்துவிட்டதாக ஒவ்வொருவரும் உணர்வார்கள். அதைத் தெய்வம் என்கிறார்கள். அவரைப் பொறுத்தவரை அது அந்தக் கூட்டத்தின் சக்திதான்.

உங்கள் சித்தப்பாவுக்கு நடந்ததும் அதுதான். கொடையின் ஒற்றுமை சாமக்கொடையில்தான் உண்டாகிறது. மேளமும் அருளும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை. அது வடிந்துவிடும் என்பதால்தான் ஆண்டுதோறும் திரும்ப நடத்த வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். மொரீசியஸில் தமிழர்களின் தைப்பூசத்தில் டிமிட்ரிஸ் சிகலாட்டஸ் குழு செய்த ஆய்வு 2013-இல் வந்தது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்களும், கூடவே நடந்து பார்த்தவர்களும், வெறும் கூட்டுப் பிரார்த்தனையில் இருந்தவர்களைவிடக் கோயிலுக்கு அதிகம் கொடுத்தார்கள். வலியை அதிகமாக உணர்ந்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் மனமும் இளகியது என்பதுதான் முக்கியம்.

வரிநோட்டு

தம்பி சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். நான் சேரன்மகாதேவிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு 22 வருடம் வரி நோட்டு எழுதியிருக்கிறேன்.

சாமக்கொடைக்கு ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களும் வருவார்கள். பக்கத்து ஊர் இளவட்டங்கள், பலூன் விற்பவர், மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன். அவர்களுக்கும் மேளம் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அதனால் அவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் ஆகிவிடுவதில்லை. அப்படியானால் ஊர்க்காரன் யார்? நோட்டில் பெயர் இருப்பவன். அது அந்த ஒரு ராத்திரியில் உண்டாவது இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்கும் வேலை.

எங்கள் கொடை வைகாசியில். பிசான அறுப்பு முடிந்து கையில் பணம் புழங்கும் காலம். என் அப்பா காலத்தில் வரியை நெல்லாகவே அளந்தார்கள், வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று. பங்குனி கடைசியில் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். முதலில் செலவைப் போடுவோம். வில்லுப்பாட்டு செட், மேளம், பந்தலும் லைட்டும் மைக்கும், பூ, கிடா, இரண்டு நேரச் சாப்பாடு. நான் கடைசியாக எழுதிய வருடம் மொத்தம் 4,10,000 ரூபாய் வந்தது. கோயில் பணம் கையிருப்பு 56,000. மீதி 3,54,000-ஐத் தலைக்கட்டுக்குப் பிரிக்க வேண்டும்.

எங்கள் நோட்டில் 124 பெயர். அதில் 112 முழு வரி, 12 அரை வரி. கணவர் இல்லாத வீடுகளுக்கு அரை வரி. ஆக 118 பங்கு. பங்குக்கு 3,000. வாழைத்தோப்பு வைத்திருப்பவருக்கும் 3,000, கூலிக்குப் போகிறவருக்கும் 3,000. இதைக் கேட்டவுடன் அநியாயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு கூட்டத்தில் நானே எழுந்து, வசதிப்படி வாங்குவோம் என்றேன். முதலில் மறுத்தது கூலிக்குப் போகிற ஒருவர்தான். "அவன் பத்தாயிரம் கொடுத்தா கூட்டத்துல அவன் பேச்சு பத்தாயிரத்துக்கு இருக்கும். நான் மூவாயிரத்தக் கடன வாங்கியாவது கட்டிட்டு அவனுக்குச் சமமா உக்காருவேன்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

வசூலுக்கு எப்போதும் இரண்டு பேர்தான் போவார்கள், இரண்டும் வேறு வேறு வகையறா. தனி ஆள் போனால் நாளைக்குச் சந்தேகம் வரும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நம்மோடு பேசாத வீட்டு வாசலை மிதிக்க வரி கேட்பது ஒரு சாக்கு. "வரிக்கு வந்திருக்கோம்" என்றால் யாரும் உள்ளே வராதே என்று சொல்ல முடியாது. தண்ணீராவது கொடுத்தாக வேண்டும். தம்பி சொன்ன ஆராய்ச்சியில் காவடி எடுத்தவர்கள் கோயிலுக்கு அதிகம் கொடுத்தார்கள், சரி. பேசாத பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினார்களா என்பதுதான் ஊருக்குத் தேவையான கேள்வி.

சென்னைவாசி

நல்ல இழை. எங்கள் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் குலதெய்வம் சாஸ்தா என்பது தெரியும், எந்தச் சாஸ்தா என்று தெரியவில்லை. அந்தக் கோயில் தெரிந்தால் நானும் இப்படி வரி கட்டி ஊரோடு சேரலாம் அல்லவா? பங்குனி உத்திரத்துக்கு எங்கே போவது என்று யாராவது சொல்ல முடியுமா?

வரிநோட்டு

தம்பி, நீங்கள் கேட்பது வேறு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவது ரத்த வழி. பங்காளிகள் எந்த ஊரில் இருந்தாலும் அன்றைக்கு அங்கே கூடுவார்கள். அங்கே பக்கத்தில் நின்று பொங்கல் வைப்பவர் உங்கள் ஊர்க்காரராக இருக்க மாட்டார், உங்கள் பங்காளியாக இருப்பார். ஊர்க் கொடை மண் வழி. ஒரே கிணறு, ஒரே வாய்க்கால், ஒரே சுடுகாடு வைத்திருப்பவர்கள். இரண்டும் சேர்த்துக்கட்டுவது இரண்டு விதமான கூட்டத்தை. உங்கள் சாஸ்தாவைத் தெரிந்துகொள்ள, தாத்தாவின் ஊரில் மீதி இருக்கும் பங்காளி வீட்டு வயதான பெண்களைக் கேளுங்கள். ஆண்களைவிட அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும், பிள்ளைக்கு முதல் முடி எங்கே எடுத்தார்கள் என்று.

களக்காட்டுக்காரன்

ஐயா, நீங்கள் சொன்ன கோயில் பணம் கையிருப்பு என்பதுதான் எங்கள் ஊரில் வெடித்த இடம். அதை எப்படி வைத்திருப்பீர்கள்?

வரிநோட்டு

வட்டிக்கு விடுவோம். எட்டாம் பூசையில் கணக்கு வாசித்து முடித்ததும் மீதிப் பணத்தை அங்கேயே, அம்மன் முன்னால், கேட்கிற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்போம். அந்த 56,000-க்குப் பின்னால் இருந்த கதை இதுதான்: முந்தின வருடம் மீந்தது 50,000. பத்து வீடுகள் ஆளுக்கு 5,000 வாங்கின. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. பன்னிரண்டு மாதத்தில் வட்டி 6,000. அடுத்த கொடைக்குக் கால்நாட்டுவதற்கு முந்தின நாள் வட்டியும் முதலுமாகத் தாம்பாளத்தில் வைத்துவிட வேண்டும்.

விதை நெல்லுக்கோ பிள்ளை பீஸுக்கோ அவசரத்துக்கு உதவுகிற பணம் அது. ஊரில் பத்து வீடு வருடம் முழுவதும் கோயிலுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றால் அந்தப் பத்து வீடும் கொடை நடக்க வேண்டும் என்று நினைக்கும், மற்ற 114 வீடும் அந்தப் பத்து வீடு நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும். தர்க்கைம் சொன்ன உணர்ச்சி வடிந்த பிறகு பதினொன்றரை மாதம் ஊரைப் பிடித்து வைத்திருப்பது இந்த மாதிரிக் கொடுக்கல் வாங்கல்தான் என்பது என் எண்ணம்.

கெடுவதும் இங்கேதான். முழுத் தொகையையும் ஒரே ஆளிடம் விட்டால் கெட்டது. அவர் தரவில்லையென்றால் கேட்கப் போகிறவர் அவருக்குச் சம்பந்தியாக இருப்பார், அல்லது பகையாக இருப்பார். சம்பந்தி கேட்க மாட்டார். பகையாளி கேட்டால் அது பணத்தைக் கேட்டதாக ஆகாது. உங்கள் ஊரில் நடந்தது இதுதானே?

களக்காட்டுக்காரன்

அப்படியே நடந்தது. முழுப் பணமும் ஒருவரிடம். கேட்கப் போனவர் என் சித்தப்பா. வரப்புத் தகராறு ஏற்கெனவே இருந்தது.

அசனச்சோறு

நான் கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் பாட்டி ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். எங்களுக்குக் கொடை இல்லை, அசனம் உண்டு. ஆனால் இதைப் படிக்கப் படிக்க எங்கள் ஊரைப் பற்றித்தான் எழுதுகிறீர்களோ என்று இருக்கிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று சங்கம் வரி போடும். அரிசி, ஆடு, தேங்காய் என்று பொருளாகக் கொடுப்பவர்களும் உண்டு. முந்தின நாள் ராத்திரி முழுக்க ஆண்கள் அடுப்பு வெட்டிச் சமைப்பார்கள். பெண்கள் கூடி உட்கார்ந்து வெங்காயமும் பூண்டும் உரிப்பார்கள். மறுநாள் ஆராதனை முடிந்து ஜெபம் பண்ணி, சோறும் கறிக்குழம்பும். எல்லோரும் ஒரே பந்தலில். சாப்பிட்டு முடித்து வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் கொண்டுபோவோம். வர முடியாத கிழவிகளுக்கு அதுதான் அசனம்.

எங்களுக்கு மேளமும் கிடையாது, அருள் வருவதும் கிடையாது. ஆனாலும் எங்கள் மாமா மும்பையிலிருந்து எந்தப் பண்டிகைக்கு வராவிட்டாலும் அசனத்துக்கு வந்துவிடுவார். ராத்திரி அந்த அடுப்புக்கு முன்னால் நிற்பதற்கு. மாணவத் தம்பி, மேளமும் அருளும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

நெல்லை மாணவன்

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. நான் அவசரப்பட்டுவிட்டேன். நோட்டு ஐயா சொல்வதற்கு அருகில் வரும் ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. எலினார் பவர் என்ற மானிடவியலாளர் தென் தமிழ்நாட்டில் இரண்டு கிராமங்களில் தங்கி, யார் யாரிடம் கடன் கேட்பார்கள், யாரிடம் யோசனை கேட்பார்கள், அவசரத்துக்கு யார் வீட்டுக்குப் போவார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். 2017-இல் வெளியிட்டார். தொடர்ந்து கோயிலுக்குப் போகிறவர்கள், தீமிதி, காவடி போன்ற கஷ்டமான நேர்த்திகளைச் செய்கிறவர்கள் ஆகியோருக்கு இப்படி ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் தொடர்புகள் அதிகமாக இருந்தன. பூக்குழி இறங்குவது ஒரு நாள். வாரா வாரம் கோயிலில் முகம் காட்டுவது வருடம் முழுவதும். இந்த மெதுவான, தொடர்ந்த பக்தியும் ஊரார் கண்ணில் படுகிறது.

ஆனால் இதில் எது முன்னால் எது பின்னால் என்று சொல்வது கஷ்டம். நாலு பேருக்கு உதவுகிற ஆளே கோயில் காரியத்திலும் முன்னால் நிற்கலாம் அல்லவா? அண்ணாச்சி முதலில் கேட்டது இதைத்தானே.

வரிநோட்டு

அதற்கு ஓர் அனுபவம் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு வருடம் வரியே போடவில்லை. மும்பையில் தொழில் செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார். நல்ல மனதோடுதான் செய்தார், அவரைக் குறை சொல்லவில்லை. ஊரே சந்தோசப்பட்டது. கரகாட்டம், வாணவேடிக்கை எல்லாம் வந்தது. அவ்வளவு கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்கு முதலில் உறுத்தியது கால்நாட்டு அன்று. வழக்கமாகப் பந்தலுக்குக் குழி தோண்ட இளவட்டங்கள் முப்பது பேராவது வருவார்கள். அன்று ஆறு பேர். "பந்தக்காரன் ஆள் கொண்டு வருவான்ல" என்றார்கள். கொடை அன்று மதியச் சாப்பாட்டில் பரிமாற ஆள் இல்லை. சமையல்காரர் கொண்டுவந்த ஆட்கள் பரிமாறினார்கள். எட்டாம் பூசைக்குக் கணக்கு வாசிக்க உட்கார்ந்தேன். வழக்கமாக இடம் இருக்காது. பதினோரு பேர் வந்திருந்தார்கள். யார் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது?

அடுத்த வருடம் அவரால் தர முடியவில்லை. வரி போட்டோம். இருபது வீடுகளுக்கு மேல் "போன வருசம் இல்லையே" என்றன. அதைச் சரிசெய்ய எங்களுக்கு மூன்று கொடை பிடித்தது. ஊரில் ஆட்கள் அதே ஆட்கள்தான், அவர்களுக்குள் புதிதாகச் சண்டையும் வரவில்லை. ஒரு வருடம் கொடுக்காமல் இருந்ததிலேயே இவ்வளவு தளர்ந்தது. அதனால்தான் சொல்கிறேன், கொடை இருக்கிற ஒற்றுமையைக் காட்டுவது மட்டும் இல்லை. கொடுக்கிற வேலையே ஒரு பங்கு ஒற்றுமையை உண்டாக்குகிறது.

ஒன்று மட்டும் களக்காட்டுத் தம்பிக்கு. எட்டாம் பூசையில் சண்டை வந்தது என்று கவலைப்படாதீர்கள். கணக்கில் சத்தம் போடுகிறவர் உள்ளே இருப்பவர். 22 வருடத்தில் நான் பயந்தது வேறு ஆட்களைப் பார்த்து. வரியை நேரில் தராமல் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார்கள். கணக்குக்கு வர மாட்டார்கள். கேட்டால் "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்பார்கள். அப்படி இரண்டு வருடம் இருந்த வீடு மூன்றாம் வருடம் பெயரை எடுத்துவிடச் சொல்லும்.

தென்தெரு

எல்லாவற்றையும் படித்தேன். ஐயா எழுதியதில் பொய் இல்லை. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. அந்த 124 பெயரில் எங்கள் தெருக்காரர் பெயர் ஒன்றாவது இருக்கிறதா?

நான் நீங்கள் இருக்கும் பகுதியிலேயே இன்னொரு ஊர். ஊருக்குத் தெற்கே எங்கள் தெரு. அம்மன் கோயில் கட்டும்போது மண் சுமந்தது எங்கள் தாத்தாக்கள். கொடையில் எங்களுக்குச் 'சுதந்திரம்' என்று ஒரு பங்கு உண்டு, தேங்காய் மூடியும் பழமும் கொஞ்சம் அரிசியும். என் அப்பா தலைமுறையில் ஒரு தடவை எங்கள் தெருவே கூடி, நாங்களும் தலைக்கட்டுக்கு வரி தருகிறோம் என்று பணத்தைக் கொண்டுபோனது. ஊர்க்கூட்டம் என்ன சொன்னது தெரியுமா? "வரியா வேண்டாம், நன்கொடையா வாங்கிக்கிறோம்."

பணத்தை மறுக்கவில்லை. மைக்கில் பெயரை வாசிப்பதாகக்கூடச் சொன்னார்கள். ஆனால் வரி கொடுத்தவன் கணக்குக் கேட்கலாம், கூட்டத்தில் உட்காரலாம், ஊர்வலம் எந்தத் தெருவுக்கு வர வேண்டும் என்று சொல்லலாம். நன்கொடை கொடுத்தவன் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டும். என் அப்பா பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பணத்தில்தான் எங்கள் தெருவில் சுடலைமாடனுக்குப் பீடம் கட்டினோம். இப்போது எங்களுக்கும் கொடை, எங்களுக்கும் வரி நோட்டு. நீங்கள் சொல்லும் எல்லாமே எங்களிடமும் இருக்கிறது, பிள்ளைகள் அன்றைக்கு வேலை ஊரிலிருந்து வந்துவிடுகிறார்கள். அந்த ஒற்றுமை எதனால் வந்தது என்று கேட்டால், நீங்கள் வெளியே நிறுத்தியதால் வந்தது.

அதனால் கொடை ஊரைச் சேர்க்கிறதா என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, ஊர் என்று யாரை எழுதியிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

வரிநோட்டு

இல்லை தம்பி. ஒரு பெயரும் இல்லை.

எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒரு கூட்டம் நடந்தது. அப்போது நோட்டு என் கையில்தான் இருந்தது. "நன்கொடைன்னு எழுதிக்கோங்க சார்" என்றார்கள். நான் எழுதவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. நோட்டை மூடி வைத்தேன், அவ்வளவுதான். அன்று நான் பேசியிருக்க வேண்டும்.

வரிக்கும் நன்கொடைக்கும் நீங்கள் சொன்ன வித்தியாசம் நூற்றுக்கு நூறு உண்மை. ஊருக்குள்ளேயே ஒருவரைத் தள்ளி வைப்பதும் இந்த வழியில்தான். அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். "இந்த வருசம் உங்க வரிய வாங்கல" என்பார்கள். வரியை வாங்கச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போன குடும்பங்கள் உண்டு. மூவாயிரம் ரூபாயைக் கொடுக்க விடுங்கள் என்று அதைவிடப் பல மடங்கு செலவு செய்து வழக்குப் போடுகிறார்கள் என்றால் அந்த மூவாயிரம் என்ன என்று புரிந்துகொள்ளலாம்.

நெல்லை மாணவன்

தென்தெரு அண்ணன் எழுதியது எங்கள் வகுப்பில் நடத்தியதைவிடத் தெளிவாக இருக்கிறது. தர்க்கைமைப் படிக்கும்போது எல்லோரும் ஒரே கூட்டம் என்று எடுத்துக்கொண்டே படித்துவிட்டேன். கூட்டத்துக்கு வெளியே நிற்பவர் அந்த நூலில் எனக்குக் கண்ணில் படவில்லை.

ஒரு சந்தேகம். இரண்டு நோட்டும் ஒன்றான ஊர் எங்காவது உண்டா?

தென்தெரு

நான் பார்த்ததில்லை. வேறு எங்காவது இருந்தால் எழுதுங்கள், போய்ப் பார்க்க ஆசை. ஆனால் ஒன்று, இப்போது ஒன்றாக்கலாம் என்று ஊர் சொன்னால் எங்கள் தெருப் பையன்கள் சம்மதிப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. சுடலை பீடம் எங்கள் தெரு சொந்தமாகக் கட்டியது. அதில் யாருடைய தயவும் இல்லை.

முளைப்பாரி

நான் இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். முக்கூடல் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இவ்வளவு நேரம் ஆண்கள் நோட்டைப் பற்றிப் பேசினீர்கள். பெண்கள் பக்கம் ஒரு கொடை நடக்கிறது, அதையும் சொல்கிறேன்.

கொடைக்கு எட்டு நாள் முன்னால் முளைப்பாரி போடுவோம். ஒரு வீட்டில் ஓர் அறையை இருட்டாக மூடி, ஓட்டில் எருவும் மண்ணும் வைத்து, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். வெளிச்சம் படக்கூடாது. வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் குட்டையாக நின்றுவிடும், இருட்டில்தான் வெளுத்து நீளமாக வளரும். ராத்திரி அந்த வீட்டு முற்றத்தில் கும்மி. எந்த வீட்டு முளை எப்படி வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்திக்கு முளை சரியாக வரவில்லையென்றால் மற்றவர்கள் பிடுங்கி நட்டு நிரவிவிடுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். நான் கல்யாணமாகி வந்த முதல் வருடம் எனக்கு அப்படிச் செய்தார்கள். இந்த ஊரில் எனக்குச் சிநேகிதிகள் கிடைத்தது அந்த எட்டு நாளில்தான், நாலு மாதம் தெருவில் நடந்தும் கிடைக்காதவர்கள்.

என் கணவர் இறந்து ஆறு வருடம். எங்கள் வழக்கப்படி நான் முளைப்பாரி தூக்கக்கூடாது. அறையில் தண்ணீர் தெளிக்கலாம், கும்மிக்குப் பாட்டுச் சொல்லலாம், தலையில் தூக்கக்கூடாது. எனக்கு வருவது அரை வரி. ஐயா, உங்கள் நோட்டில் அந்த 12 அரை வரி பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அதைத்தான் நான் கேட்க வந்தேன். அரை வரி கொடுக்கிறவர்கள் கணக்கு வாசிக்கும்போது எழுந்து கேட்கலாமா?

வரிநோட்டு

சலுகை என்று நினைத்து வைத்தது அம்மா அது. வருமானம் இல்லாத வீடு, பாதி கொடுத்தால் போதும் என்று.

கேட்கலாமா என்றால், யாரும் கேட்டதில்லை. அவர்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை. பிள்ளை தலையெடுத்து முழு வரிக்கு வந்த பிறகு பிள்ளை வருவான்.

முளைப்பாரி

எனக்கு ஒரே மகள். கல்யாணமானால் அவள் பெயர் வேறு ஊர் நோட்டுக்குப் போய்விடும். அப்போது என் வீட்டுக்கு யார் வருவது? நான் பீடி சுற்றியும் ஆடு வளர்த்தும் சம்பாதிக்கிறேன். முழு வரி என்னால் கொடுக்க முடியும். போன வருடம் வசூலுக்கு வந்தவர்களிடம் முழுப் பணத்தை நீட்டினேன். பாதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள்.

தென்தெருத் தம்பி அப்பாவின் கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு நடந்ததும் எனக்கு நடந்ததும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பிக் கொடுத்த பணம் கையில் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும்.

அசனச்சோறு

அக்கா, எங்கள் சபையில் விதவைகள் பெயரிலேயே வரி எழுதுவார்கள், முழு வரிதான். அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, கமிட்டியில் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனாலும் பெயர் எங்கள் பாட்டி பெயராகவே இருக்கும். பாட்டி அந்த ரசீதுகளைப் பைபிளுக்குள் வைத்திருப்பார்.

களக்காட்டுக்காரன்

நான் தொடங்கிய கேள்வி எங்கேயோ வந்து நிற்கிறது. சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். மீதிப் பணத்தை எட்டு வீடுகளுக்குப் பிரித்துவிடலாம், நான்கு மேலத்தெரு நான்கு கீழத்தெரு என்று அவரே சொல்லிப் பார்க்கப் போகிறாராம். அவர் அதற்குச் சம்மதிப்பார் என்று நினைக்கிறாராம். 'அவர்' என்றால் யார் என்று நான் கேட்கவில்லை.

அப்படியே எங்கள் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. 71 பெயர். ஊருக்கு வடக்கே இருபது வீடாவது இருக்கிறது, அதில் ஒன்றும் நோட்டில் இல்லை. இத்தனை வருடம் அதை நான் யோசித்ததே இல்லை. அரை வரி ஐந்து. ஐந்திலும் இறந்துபோனவர் பெயரை எழுதி, பக்கத்தில் 'மனைவி' என்று போட்டிருக்கிறது. அதில் ஒருவர் என் பெரியம்மா. அவர் பெயர் எங்கேயும் இல்லை.

முளைப்பாரி அக்கா, உங்கள் ஊர் நோட்டில் எப்படி எழுதியிருக்கிறது?

முளைப்பாரி

நான் பார்த்ததில்லை தம்பி. நோட்டை எங்களிடம் காட்ட மாட்டார்கள். இந்தத் தடவை வசூலுக்கு வரும்போது கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.